பையருக்கு அவசரத்தை எப்படி எழுதுவது? கேர் லேபிள் அப்ரூவல் வரவில்லை, கப்பல் 19-ஆம் தேதி

பின்னல்_கயல் | 6 அக்டோபர் 2025, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு நிட்வேர் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஹம்பர்க் பையர் ஒருவருக்கு 12,000 பீஸ், பெண்கள் டாப். கட்டிங் முடிந்து லைனுக்குப் போகத் தயாராக இருக்கிறது. கேர் லேபிள் ஆர்ட்வொர்க் அப்ரூவல் மட்டும் வரவில்லை. அனுப்பியது செப்டம்பர் 30. பதிலே இல்லாததால் வெள்ளிக்கிழமை ஒரு ரிமைண்டர், சனிக்கிழமை இன்னொன்று போட்டேன்.

சனிக்கிழமை போனது இதுதான். மெயில் ஆங்கிலத்தில் போனது, இங்கே தமிழில் சாரம் தருகிறேன்:

> தலைப்பு: வெரி அர்ஜென்ட்!!! அப்ரூவல் பெண்டிங்
>
> இதற்கு முதல் முன்னுரிமை கொடுத்து உடனடியாக அப்ரூவ் செய்யவும். ஏற்கனவே மிகவும் தாமதமாகிவிட்டது. இனி ஏற்படும் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பாக முடியாது.

இன்று காலை எங்கள் எம்.டி. இதைவிடக் கடுமையாக எழுதச் சொல்கிறார், அவர்களுடைய மேலாளரையும் சிசியில் போடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெண் நல்லவர், அடுத்த சீசன் ஆர்டரும் அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் அவசரம் நிஜமான அவசரம். மரியாதையும் கெடாமல், விஷயமும் நடக்கிற மாதிரி எப்படி எழுதுவது?

---

மணி_ஓஎம்ஆர் | காலை 10.48

ஐடியில் இதெல்லாம் தினமும் நடப்பதுதான். தலைப்பிலேயே கெடு போடுங்கள், அதுதான் முக்கியம். "இன்று இஓடிக்குள் தேவை" என்று எழுதுங்கள். ஹை இம்பார்டன்ஸ் கொடி போடுங்கள், ரீட் ரிசீட் வையுங்கள், படித்தார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். கடைசி வரியில் "பதில் வராவிட்டால் அப்ரூவ் ஆனதாக எடுத்துக்கொண்டு அச்சுக்குக் கொடுத்துவிடுவோம்" என்று சேர்த்தால் வேலை முடிந்தது. எங்கள் கிளையன்ட்களிடம் இது நன்றாகவே நடக்கிறது.

---

நூல்கட்டு | காலை 11.15

கயல், மெயிலை எழுதுவதற்கு முன்னால் சில விஷயம் சொல்லுங்கம்மா. லேபிள் எங்கே வருகிறது, கழுத்திலா சைடிலா? லேபிள் பிரிண்டர் எத்தனை நாள் கேட்கிறார்? கன்டெய்னர் தூத்துக்குடிக்குள் நுழைய வேண்டிய கடைசி நேரம் என்ன? தீபாவளிக்கு டைலர்கள் எப்போது ஊருக்குக் கிளம்புகிறார்கள்? இதெல்லாம் கையில் இல்லாமல் எந்த வார்த்தை போட்டாலும் அது வெறும் சத்தமாகத்தான் போய்ச் சேரும்.

மணி சொன்னதில் கெடுவைத் தலைப்பில் போடுவது சரி. மற்றதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

---

பின்னல்_கயல் | காலை 11.40

அண்ணா, லேபிள் இடது பக்க சைடு ஸீமில் வருகிறது. ஓவர்லாக் அடிக்கும்போதே உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். பிரிண்டர் அப்ரூவல் வந்தபின் முழுசாக 2 நாள் கேட்கிறார். சாயங்காலம் 6 மணிக்குள் கொடுத்தால்தான் மறுநாள் காலை மெஷினில் ஏற்றுவார். ஃபீடர் கப்பல் 19-ஆம் தேதி ஞாயிறு கிளம்புகிறது, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றம். கேட் கட்-ஆஃப் 18 சனி பகல் 12. தீபாவளி 20 திங்கள். டைலர்களில் பாதிப் பேர் வெள்ளி ராத்திரியே பஸ் ஏறிவிடுவார்கள், திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும்.

---

தேனி_மல்லிகை | பகல் 12.05

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் பெண் மேல்படிப்புக்கு அயர்லாந்து போகிறாள். விசாவுக்கு பேங்க் லோன் சாங்ஷன் லெட்டர் வேண்டும். பிராஞ்சுக்கு "மிக அவசரம், உடனே தரவும்" என்று மெயில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அதற்கும் மேனேஜருக்கு மேலே இருப்பவரை சிசி போடலாமா? போட்டால் கோபித்துக்கொள்வார்களா?

---

நூல்கட்டு | பகல் 12.50

மல்லிகை அம்மா, உங்களுடையதற்கு வருகிறேன். முதலில் கயலுடையது.

சைடு ஸீமில் லேபிள் என்றால் இது பேக்கிங்கில் ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை. லேபிள் வராமல் அந்த ஸீமை மூட முடியாது. மூடிவிட்டுப் பிறகு பிரித்து வைத்தால் ரிப் துணியில் ஊசித் துளை தெரியும், பீஸ் ரிஜெக்ட்தான். லேபிள் இல்லை என்றால் லைன் நிற்கிறது என்று அர்த்தம். இது ஹம்பர்க்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். லேபிள்தானே, கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். உங்கள் மெயிலில் அவருக்கு முதலில் புரிய வேண்டியது இந்த ஒரு விஷயம்தான்.

இப்போது கப்பலிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். 18 சனி பகல் 12-க்கு கேட் என்றால், 17 வெள்ளி பகலில் ஃபேக்டரியில் கன்டெய்னர் லோடு ஆகி, சாயங்காலம் டிரெய்லர் கிளம்பி, ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் போய்ச் சேரும். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் 16 வியாழன். பொதுவாக எல்லா பீஸும் தைத்து முடிந்து, 80 சதவீதமாவது பெட்டியில் இருந்தால்தான் இன்ஸ்பெக்டர் ஆரம்பிப்பார். ஆகவே தையல் 14 செவ்வாயில் முடிய வேண்டும். ஒரு நாளைக்கு 3,000 பீஸ் வரும் என்று வைத்தால் 12,000-க்கு 4 வேலை நாள்: 10, 11, 13, 14. நடுவில் 12 ஞாயிறு. லேபிள் 10 வெள்ளி காலை லைனில் இருக்க வேண்டும். பிரிண்டருக்கு 8, 9 இரண்டு நாள். அப்படியென்றால் அப்ரூவல் 7 செவ்வாய் மாலை 6 மணிக்குள் வர வேண்டும்.

நாளைக்குத்தான். இப்போது உங்களிடம் ஒரு தேதி இருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. இந்தக் கணக்கை யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். கப்பல் அட்டவணையை அவர்களே எடுத்துப் பார்க்கலாம். "எங்கள் மேனேஜ்மென்ட் கேட்கிறது" என்பதை அப்படிச் சரிபார்க்க முடியாது, அது உங்கள் வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிடுவார்கள்.

மணி சொன்ன இஓடி இங்கே ஆபத்து. யாருடைய நாள் முடிவு? இன்றைய கணக்கில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அவர் மாலை 5.30-க்கு "இஓடிக்குள் முடித்துவிட்டேன்" என்று நல்ல மனசோடு அனுப்பினால் இங்கே ராத்திரி 9. பிரிண்டர் கடையைச் சாத்தியிருப்பார், ஒரு நாள் போச்சு. நமக்கு மாலை 6 என்றால் அவருக்குப் பகல் 2.30. அந்த 2.30-ஐ எழுதுங்கள்.

---

எல்பே_கரை | பிற்பகல் 2.10

நான் ஹம்பர்க்கில்தான் இருக்கிறேன், வேறு ஒரு ஆடை இறக்குமதி நிறுவனத்தில். மெயில் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கயல், அக்டோபர் 3 இங்கே அரசு விடுமுறை, ஜெர்மன் ஒருங்கிணைப்பு நாள். இந்த வருஷம் வெள்ளிக்கிழமை வந்ததால் மூன்று நாள் தொடர் விடுமுறை. வியாழனோடு சேர்த்து லீவு போட்டவர்களும் உண்டு. உங்கள் இரண்டு ரிமைண்டரும் பூட்டிய ஆபீசுக்குத்தான் வந்திருக்கின்றன. அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. இன்று காலைதான் பெட்டியைத் திறந்திருப்பார், அதில் முதலில் பட்டது "நாங்கள் பொறுப்பாக முடியாது" என்ற வரியாக இருக்கும்.

அந்த வரியை விட்டுவிடுங்கள். எனக்கு அப்படி ஒரு மெயில் வந்தால் நானாகப் பதில் போட மாட்டேன். பொறுப்பு யாருடையது என்ற பேச்சு வந்துவிட்டதால் என் மேலாளரிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுவேன். வேகப்படுத்த எழுதிய வரியாலேயே ஒரு நாள் கூடுதலாகப் போகும்.

இன்னொன்று, இது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கேர் லேபிளைப் பெரும்பாலும் பையர் தானே அப்ரூவ் செய்வதில்லை. துணியின் நார் விவரம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் சார்ந்த விஷயம் (1007/2011 ஒழுங்குமுறை). விற்கிற நாட்டின் மொழியில் அது இருக்க வேண்டும், நாரின் பெயரும் சட்டத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதனால் எங்கள் ஆபீசில் அது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகும். பையர் செய்வது உங்கள் மெயிலை அப்படியே அவர்களுக்கு ஃபார்வர்ட் செய்வதுதான்.

அங்கே இருப்பவருக்கு உங்களைத் தெரியாது, ஆர்டரும் தெரியாது. தலைப்பும் முதல் இரண்டு வரியும்தான் அவர் கண்ணில் படும். "வெரி அர்ஜென்ட்" என்று வந்தால் அவர் மேசையில் இருக்கும் மற்ற வெரி அர்ஜென்டுகளோடு வரிசையில் நிற்கும். "செவ்வாய் 2.30-க்குள் லேபிள் டெக்ஸ்ட் சரி என்று வராவிட்டால் கப்பல் தவறும்" என்று இருந்தால், நான் அதைப் பிரிண்ட் எடுத்து நேரே அவர் இருக்கைக்கே போய்க் கேட்க முடியும். எனக்கு அந்தக் காரணத்தைக் கையில் கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

---

பின்னல்_கயல் | பிற்பகல் 2.45

ரொம்ப நன்றிக்கா. விடுமுறை விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. எம்.டி.யிடம் சொன்னதும் சிசி பேச்சை நாளை வரை ஒத்திவைத்துவிட்டார். இதை அனுப்பலாமா பாருங்கள்:

> தலைப்பு: கேர் லேபிள் அப்ரூவல், ஸ்டைல் 4127: அக். 7 செவ்வாய், உங்கள் நேரம் 14.30-க்குள்
>
> வணக்கம். விடுமுறை நன்றாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். இணைப்பில் உள்ள கேர் லேபிள் ஆர்ட்வொர்க்குக்கு (பதிப்பு 2) நாளை செவ்வாய், ஜெர்மனி நேரம் 14.30-க்குள் (இந்திய நேரம் 18.00) உங்கள் ஒப்புதலோ திருத்தமோ கிடைத்தால் அக்டோபர் 19 கப்பலுக்குச் சரக்கைக் கொடுத்துவிட முடியும்.
>
> லேபிள் சைடு ஸீமுக்குள் வைத்துத் தைக்கப்படுவதால் அது வராமல் தையலைத் தொடங்க முடியவில்லை. அச்சுக்கு 2 நாள், தையலுக்கு 4 நாள் ஆகும். இன்ஸ்பெக்‌ஷன் 16-ஆம் தேதி, துறைமுகத்தின் கட்-ஆஃப் 18-ஆம் தேதி பகல். 20-ஆம் தேதி தீபாவளி என்பதால் அதன்பின் ஒரு வாரம் ஃபேக்டரி இயங்காது.
>
> பார்க்க வேண்டியது இரண்டுதான்: நார் விவரம், துவைக்கும் குறியீடுகள். மற்றவை போன ஆர்டரில் உள்ளபடியே இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் அழைக்கலாம், இன்றும் நாளையும் உங்கள் நேரம் 16 மணி வரை நான் இருப்பேன்.

---

நூல்கட்டு | பிற்பகல் 3.00

நன்றாக இருக்கிறது, அனுப்பிவிடுங்கள். ஒன்றே ஒன்று சேர்க்கலாம். 14.30 தவறினால் என்ன வழி இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஞாயிறு 12-ஆம் தேதி லைன் ஓட்டினால் ஒரு நாள் மீட்கலாம் அல்லவா? அப்போது அப்ரூவல் புதன் 14.30 வரை தாங்கும். அதற்கு மேல் தாண்டினால் 19 கப்பல் இல்லை, தீபாவளி முடிந்து நவம்பர் முதல் வாரக் கப்பல்தான். இதை மிரட்டலாக எழுத வேண்டாம், நிலவரமாக எழுதுங்கள். அவர் தன் கடைகளுக்குச் சரக்குத் தேதி சொல்ல வேண்டியவர், இந்தத் தகவல் அவருக்கே வேண்டும்.

மணி, "பதில் வராவிட்டால் அப்ரூவ் ஆனதாக எடுத்துக்கொள்வோம்" என்பதைப் பற்றி. அட்டைப் பெட்டியில் ஸ்டிக்கர் எந்தப் பக்கம் வரட்டும் என்பது போன்ற விஷயத்தில், அதுவும் பையர் முன்பே ஒத்துக்கொண்டிருந்தால், அது பரவாயில்லை. லேபிள் டெக்ஸ்டில் அப்படிப் போகக் கூடாது. ஏதாவது தப்பு இருந்து 12,000 பீஸில் தைத்தபிறகு தெரிந்தால், "நீங்கள் பதில் சொல்லவில்லை" என்ற பேச்சு எடுபடாது. எழுத்தில் அப்ரூவல் இல்லாமல் அச்சடித்தது நாம்தான் என்று ஆகிவிடும்.

---

மணி_ஓஎம்ஆர் | பிற்பகல் 3.20

லேபிள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், சட்டம் வருகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஹை இம்பார்டன்ஸ் கொடியில் என்ன தப்பு? நிஜமாகவே முக்கியம்தானே?

---

எல்பே_கரை | பிற்பகல் 3.50

தப்பு என்று இல்லை. எப்போதாவது ஒருமுறை போடுகிறவர் போட்டால் கவனிப்பேன். ஒரு சப்ளையர் எல்லா மெயிலிலும் அந்தச் சிவப்புக் குறியோடு வருகிறார், அவருடையதில் எது நிஜம் என்று எனக்குத் தெரிவதே இல்லை. ரீட் ரிசீட்டை எங்களில் பலர் அனுப்புவதில்லை, அது கண்காணிப்பது மாதிரி படும். அது வராததை வைத்து "படிக்கவில்லை" என்று முடிவு செய்யாதீர்கள்.

கயல், சின்ன விஷயம். அக்டோபர் 26 அதிகாலை இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அன்றிலிருந்து வித்தியாசம் நாலரை மணி. இரண்டு நாட்டு நேரத்தையும் எழுதுகிற உங்கள் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

---

நூல்கட்டு | மாலை 4.30

மல்லிகை அம்மா, இப்போது உங்களுடையது. மேலே இருப்பவரை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். விசா விண்ணப்பம் கொடுக்கும் அப்பாயின்ட்மென்ட் தேதி இருக்கும் அல்லவா? அந்த உறுதிச் சீட்டை இணைத்து, "இந்தத் தேதியில் இந்தக் கடிதத்தின் அசல் காட்ட வேண்டும், அதனால் அதற்கு இரண்டு வேலை நாள் முன்பாக, இந்தக் கிழமை மதியத்துக்குள் கிடைத்தால் போதும், நானே பிராஞ்சுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். லோன் விண்ணப்ப எண்ணைத் தலைப்பில் போடுங்கள். அவர் தேட வேண்டியிருந்தால் அதுவே ஒரு நாள் தள்ளிப்போகக் காரணமாகும். எங்கள் பக்கம் இன்னும் ஏதாவது பேப்பர் பாக்கியா என்றும் கேளுங்கள், பல நேரம் நிற்பது அங்கேதான்.

---

தேனி_மல்லிகை | மாலை 5.05

நன்றிங்க. அப்பாயின்ட்மென்ட் 16-ஆம் தேதி. எங்கள் பிராஞ்சில் மெயிலை யார் பார்க்கிறார்கள் என்பதே சந்தேகம். நீங்கள் சொன்ன மாதிரி எழுதி அனுப்பிவிட்டு, அதையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு நாளை நேரிலும் போகிறோம்.

---

பின்னல்_கயல் | 7 அக்டோபர், மாலை 5.40

நேற்று பிற்பகல் 3.10-க்கு மெயில் போனது. 5 மணி சுமாருக்கு அவரே அழைத்தார். லேபிள் ஸீமுக்குள் போகிறது என்று தெரியாது, கடைசியில் வைப்பது என்று நினைத்திருந்தேன் என்றார். அண்ணா சொன்னது அப்படியே.

பதில் அப்ரூவலாக வரவில்லை, திருத்தமாக வந்தது. ஆர்ட்வொர்க்கில் 95% காட்டன், 5% ஸ்பான்டெக்ஸ் என்று இருந்தது. அமெரிக்க ஆர்டருக்கு வைத்திருந்த டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்தது போல. ஐரோப்பாவுக்கு அது எலாஸ்தேன் என்றுதான் இருக்க வேண்டும் என்று தரக்கட்டுப்பாட்டில் பிடித்துவிட்டார்கள். பதில் வராவிட்டால் அச்சடித்துவிடுவோம் என்று போயிருந்தால் 12,000 பீஸிலும் அது இருந்திருக்கும். பதிப்பு 3 ராத்திரியே அனுப்பினேன், தலைப்பில் நேரத்தை மாற்றவில்லை. இன்று அவர்கள் நேரம் 11.40-க்கு "அப்ரூவ்ட்" என்று வந்தது. பிரிண்டரிடம் கொடுத்தாயிற்று.

புதன்கிழமை வரை தாங்கும் என்ற வரியையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். அது சரியா என்று எங்கள் ஆபீசில் இன்னும் பேச்சு ஓடுகிறது. எம்.டி. சொல்வது, புதன் என்று சொன்னால் புதன் வரை இழுப்பார்கள், நல்ல நேரம் செவ்வாயே முடித்துவிட்டார்கள் என்று. அவர் பேச்சில் திங்கள் என்றே எழுதியிருக்க வேண்டும்.

---

நூல்கட்டு | மாலை 6.15

உங்கள் எம்.டி. சொல்வதை நானும் ரொம்ப நாள் செய்திருக்கிறேன், அது வேலை செய்யும். எதுவரை என்றால், திங்கள் தாண்டியும் கப்பல் ஏறியதை அவர்கள் ஒருமுறை பார்க்கும் வரை. அப்புறம் நாம் சொல்லும் ஒவ்வொரு தேதியிலும் இரண்டு நாளைச் சேர்த்தே படிப்பார்கள். நிஜமான செவ்வாயை எழுதினாலும் வியாழனாகப் படிப்பார்கள்.

---

எல்பே_கரை | இரவு 8.30

என் அனுபவத்தில் அதுதான். ஆனால் எல்லா பையரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு தேதி கொடுத்தால் இரண்டாவதை மட்டும் பார்க்கிறவர் எங்கள் ஆபீசிலேயே இருக்கிறார். அவருக்கு நீங்கள் புதனைச் சொல்லியிருக்கக் கூடாது. இந்தப் பெண் அழைத்துப் பேசினார் என்பதை வைத்துப் பார்த்தால் இவரிடம் திறந்து சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

---

மணி_ஓஎம்ஆர் | இரவு 9.10

எனக்கு எம்.டி. பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பிரிண்டர் மெஷின் ஒரு நாள் படுத்தால்? டிரெய்லர் வழியில் நின்றால்? ஒரு நாள் கையில் வைத்துக்கொள்வதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

---

நூல்கட்டு | இரவு 9.45

கையில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. அதை அட்டவணையிலேயே வெளிப்படையாக வையுங்கள்: "அச்சுக்கு 2 நாள், தடங்கலுக்கு 1 நாள்" என்று. கேட்டால் காட்டலாம். தேதிக்குள் ஒளித்து வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இதில் மற்ற ஃபேக்டரிக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. கயல், 10-ஆம் தேதி காலை லேபிள் வந்ததும் முதல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று ஒரு வாஷ் போட்டுப் பாருங்கள், அப்புறம் லைனுக்குக் கொடுங்கள்.